ஒரே தகவல், மூன்று பேர்: நண்பனுக்கு எழுதிய மெசேஜை மேனேஜருக்கும் வாடிக்கையாளருக்கும் மாற்றி எழுதுவது எப்படி

சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் ஆர்டர் பார்த்துக்கொள்ளும் வேலையில் பல வருடம் இருந்திருக்கிறேன். புதிதாகச் சேர்பவர்கள் காகிதக் கணக்கையும் லாரி நேரத்தையும் ஒரு மாதத்தில் பிடித்துவிடுவார்கள். தடுமாறுவது மெசேஜ் எழுதும்போதுதான். நண்பனுக்கு அனுப்பியதையே 'சார்' சேர்த்து மேனேஜருக்கு அனுப்புவார்கள். அதையே 'வணக்கம் ஐயா' சேர்த்து வாடிக்கையாளருக்கு அனுப்புவார்கள். மூன்று இடத்திலும் அடி வாங்குவார்கள்.

ஒரு டிசம்பர் மாதப் புதன்கிழமை காலையில் நடந்ததை வைத்தே வரிசையாகச் சொல்கிறேன். திருநெல்வேலிப் பக்கத்துப் பாத்திரக்கடை ஒன்றுக்கு 3,000 தினசரி காலண்டர். சாமி படம் போட்ட அட்டை தயாராக இருக்கும். அதன் அடியில் கடைப் பெயர், முகவரி, போன் நம்பர் மட்டும் தனியாக அடித்து, தேதிக் கட்டை வைத்து அனுப்ப வேண்டும். வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதமான ஒரு தம்பி, மெஷினில் இருக்கும் தன் நண்பனுக்கு வாட்ஸ்அப்பில் தட்டியது இது:

> மாப்ள மோசம் போயிட்டோம்டா. பாத்திரக்கடை காலண்டர்ல பழைய போன் நம்பரே ஓடிட்டு இருக்கு. 2000 அடிச்சாச்சாம். அண்ணாச்சி புது நம்பர அப்பவே மெயில்ல அனுப்பிட்டாரு, எவனும் பாக்கல. டிசைன் பய போன வருச ஃபைலயே தூக்கிக் குடுத்துட்டான். வெள்ளிக்கிழமை லாரில ஏத்துறதா சொல்லிருக்கு. மேனேஜருக்குத் தெரிஞ்சா கிழிச்சிருவாரு. மெஷின நிப்பாட்டச் சொல்லு மொதல்ல.

இதை அனுப்பிவிட்டு என்னிடம் வந்து, "அண்ணே, சாருக்கும் அண்ணாச்சிக்கும் இத எப்படி மாத்தி எழுதுறது?" என்று கேட்டான்.

## 1. முதலில் தகவலைப் பிரித்து எடுங்கள்

மாற்றி எழுதுவது என்றதும் எல்லோரும் வார்த்தையில் கை வைப்பார்கள். 'அடிச்சாச்சு' என்பதை 'அச்சிடப்பட்டுவிட்டது' என்று ஆக்கினால் மரியாதை வந்துவிடும் என்ற நினைப்பு. அதற்கு முன்னால் செய்ய வேண்டியது, மெசேஜில் எது தகவல், எது கேள்விப்பட்டது, எது கோபம் என்று பிரிப்பது. ஒரு துண்டுத் தாள் போதும்.

மேலே உள்ளதில் நேரே பார்த்த தகவல் மூன்றுதான். பழைய நம்பர் ஓடுகிறது. புது நம்பர் மெயிலில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை ஏற்றுவதாகச் சொல்லியிருக்கிறோம். 'மோசம் போயிட்டோம்', 'கிழிச்சிருவாரு' இரண்டும் பயம். 'டிசைன் பய' என்பது கோபம்.

'2000 அடிச்சாச்சாம்' என்பதில் அந்தக் கடைசி 'ஆம்' ஒன்றைக் கவனியுங்கள். யாரோ சொன்னது, இவன் எண்ணவில்லை. நண்பனிடம் இப்படிச் சொல்வதில் குற்றமில்லை. ஆனால் மேனேஜருக்கு எழுதும்போது அந்த 'ஆம்' பெரும்பாலும் கழன்றுவிடும். '2,000 அட்டை அச்சாகிவிட்டது' என்று எழுதிவிடுவோம். கேள்விப்பட்டது அந்த நொடியில் உறுதியான தகவல் ஆகிவிடுகிறது. பிறகு கணக்கு இடித்தால் பொய் சொன்னது நாம்தான்.

அதனால் மெசேஜில் 'ஆம்', 'போல', 'னு நினைக்கிறேன்' என்று வரும் இடத்தையெல்லாம் வட்டம் போடுங்கள். ஒவ்வொன்றையும் சரிபார்த்த பிறகுதான் மேலே போக வேண்டும். அன்று அட்டையை எண்ணச் சொன்னோம். 2,000 இல்லை, 1,850. அப்படியென்றால் பெயர் அடிக்காத அட்டை இன்னும் 1,150 மிச்சம். இந்த ஒரு எண்தான் பிறகு வாடிக்கையாளருக்கு எழுதியதைக் காப்பாற்றியது. அது எப்படி என்பது ஐந்தாவது, ஏழாவது படிகளில் வரும்.

மெயிலின் தேதியையும் திறந்து பார்த்தோம். நவம்பர் 27. 'அப்பவே' என்ற சொல்லுக்குப் பதில் ஒரு தேதி கிடைத்தது.

## 2. படித்து முடித்ததும் அவர் என்ன செய்ய வேண்டும்?

ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே ஒரே ஒரு வினைச்சொல் எழுதுங்கள். மெஷினில் இருக்கும் நண்பன்: நிறுத்த வேண்டும். மேனேஜர்: முடிவு சொல்ல வேண்டும். அண்ணாச்சி: நம்பரை உறுதிசெய்ய வேண்டும்.

இதைச் செய்யாமல் எழுதினால் மூன்று மெசேஜும் ஒரே கதையைத்தான் சொல்லும், மரியாதை மட்டும் கூடிக்கொண்டே போகும். கதை சொல்லும் மெசேஜைப் படித்துவிட்டு மேனேஜர் "சரி, இப்ப நான் என்ன செய்யணும்?" என்று கேட்பார். அந்தக் கேள்வி வந்தாலே அந்த மெசேஜ் அரைகுறை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வினைச்சொல் தெரிந்துவிட்டால் அனுப்பும் வரிசையும் தானாக வரும். மெஷின் ஓடும் ஒவ்வொரு நிமிடமும் அட்டை வீணாகிறது, அதனால் நண்பன் முதலில். அண்ணாச்சியிடம் என்ன சொல்வது என்பது மேனேஜர் முடிவைப் பொறுத்தது, அதனால் மேனேஜர் இரண்டாவது. வாடிக்கையாளர் கடைசி. பதற்றத்தில் பலர் வாடிக்கையாளருக்கான மெசேஜைத்தான் முதலில் எழுத உட்காருகிறார்கள், அதுதான் பயமாக இருக்கிறது என்பதால். முடிவே ஆகாத நேரத்தில் எழுதுவதால் அது 'விரைவில் சரிசெய்து தருகிறோம்' என்று மொட்டையாக நிற்கும்.

## 3. நண்பனுக்கு

நண்பனுக்கு எழுதியது ஏற்கெனவே இருக்கிறதே, அதை ஏன் மாற்ற வேண்டும் என்று அந்தத் தம்பி கேட்டான். முதல் மெசேஜை மறுபடி பாருங்கள். 'மெஷின நிப்பாட்டு' என்பது கடைசி வரியில் இருக்கிறது. மெஷின் பக்கத்தில் நிற்பவன் போனை எடுத்து 'மோசம் போயிட்டோம்டா' என்ற முதல் வரியைப் பார்த்துவிட்டு, ஏதோ புலம்பல், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று பையில் போட்டால் நூறு அட்டை போய்விடும்.

உரிமையோடு பேசுவதற்கும் ஒழுங்கில்லாமல் பேசுவதற்கும் வித்தியாசம் உண்டு. 'டா', 'மாப்ள', 'பண்ணு' எல்லாம் அப்படியே இருக்கட்டும். அவற்றை எடுத்துவிட்டு நண்பனிடம் 'தாங்கள் இயந்திரத்தை நிறுத்தவும்' என்றால் கிண்டலா சண்டையா என்று அவனுக்குக் குழப்பம் வரும். மாற்ற வேண்டியது வரிசையை மட்டும்.

> மாப்ள, பாத்திரக்கடை பெயர் அச்ச உடனே நிப்பாட்டு. போன் நம்பர் பழசு (2260ல முடியுது). அடிச்ச அட்டையத் தனியா எடுத்து வை, தேதிக் கட்டு வைக்க அனுப்பிடாத. அடிச்சது எத்தன, வெறும் அட்டை எத்தனன்னு எண்ணி 11 மணிக்குள்ள சொல்லுடா. புது நம்பர நான் உறுதி பண்ணிட்டு அனுப்புறேன், அதுவரைக்கும் எதையும் ஓட்டாத.

இதில் கடைசி வரி எதற்கு? நல்ல நண்பன் என்றால் உதவி செய்ய நினைப்பான். மெயிலில் இருந்து தானே நம்பரை எடுத்து அவசரமாக அடிக்கத் தொடங்கிவிடுவான். நெருங்கியவர்களுக்கு எழுதும்போது என்ன செய்யக்கூடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அவர்கள் அனுமதி கேட்டுக்கொண்டு நிற்க மாட்டார்கள்.

'டிசைன் பய' காணாமல் போனதைக் கவனித்திருப்பீர்கள். வாட்ஸ்அப்பில் நண்பனுக்குப் போனது அவனோடு நிற்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. மெஷினை ஏன் நிறுத்தினாய் என்று மேற்பார்வையாளர் கேட்டால் அவன் அந்த மெசேஜையே காட்டுவான். பக்கத்தில் டிசைனரே நின்றுகொண்டிருப்பார்.

## 4. மேனேஜருக்கு

தம்பி முதலில் எழுதிக் காட்டியது இப்படி இருந்தது:

> சார், ஒரு சின்ன பிரச்சினை. பாத்திரக்கடை காலண்டரில் போன் நம்பர் மாறிவிட்டது. டிசைனில் பழைய ஃபைலைக் கொடுத்துவிட்டார்கள். என்ன செய்வது என்று தெரியவில்லை சார். கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள் சார்.

மரியாதைக்கு எந்தக் குறையும் இல்லை. மூன்று 'சார்' இருக்கிறது. ஆனாலும் இது மோசமான மெசேஜ். 'சின்ன பிரச்சினை' என்பது முதல் தவறு. சின்னதா பெரியதா என்று தீர்மானிப்பது மேனேஜர் வேலை. 20,000 ரூபாய்க்கு மேல் அட்டை வீண் என்று அரை மணி நேரம் கழித்துத் தெரிந்தால், 'சின்ன' என்ற அந்தச் சொல்லுக்காகத் தனியாகத் திட்டு விழும்.

'நம்பர் மாறிவிட்டது' என்பது இரண்டாவது. தமிழில் இந்த வசதி தாராளமாக உண்டு. மாறிவிட்டது, விட்டுப்போய்விட்டது, தப்பாகிவிட்டது. யாரும் எதுவும் செய்யவில்லை, அதுவாக நடந்தது என்பது போல. மூன்றாவதாக, 'கொடுத்துவிட்டார்கள்' என்று டிசைன் பக்கம் கை காட்டுகிறது. ஆனால் ஆர்டர் மெயில்பெட்டியைத் தினமும் பார்த்துப் பிரித்து அனுப்புவது இந்தத் தம்பியின் பொறுப்பு. முதல் மெசேஜில் 'எவனும் பாக்கல' என்று எழுதினானே, அந்த எவன் இவன்தான்.

நான் சொன்னது: 'எவனும்', 'யாரும்', 'அவர்கள்' என்று வரும் இடத்தில் ஆளை வைத்துப் பார். அந்த ஆள் நீ என்றால் 'நான்' என்று எழுது. வேறொருவர் என்றால், நீ பார்த்ததை மட்டும் எழுது, அவர் ஏன் செய்தார் என்று எழுதாதே. அவன் முகம் சுருங்கியது. ஆனாலும் எழுதினான். எண்ணி முடித்த தகவலும் அதற்குள் வந்திருந்தது.

> சார், வணக்கம். பாத்திரக்கடை காலண்டரில் (மொத்தம் 3,000) பழைய போன் நம்பரை அடித்துவிட்டோம். 1,850 அட்டை வீண், எண்ணிப் பார்த்துவிட்டோம். மெஷினை 10.20-க்கு நிறுத்தியாயிற்று. புது நம்பர் நவம்பர் 27 மெயிலில் இருக்கிறது. அதை நான் டிசைனுக்கு அனுப்பத் தவறிவிட்டேன். போன வருட ஃபைலை வைத்து வேலை நடந்திருக்கிறது.
>
> இரண்டு வழி இருக்கிறது. அடித்த அட்டையில் நம்பர் மேல் ஸ்டிக்கர் ஒட்டினால் வெள்ளிக்கிழமையே முழு ஆர்டரும் போய்விடும், ஆனால் ஒட்டியது தெரியும். அல்லது மிச்சமுள்ள 1,150-ஐ வெள்ளிக்கிழமையும், 1,850-ஐப் புதிதாக அடித்துச் செவ்வாய்க்கிழமையும் ஏற்றலாம். அட்டைக்கு 11 ரூபாய் என்றால் 20,350 ரூபாய் நஷ்டம்.
>
> இரண்டாவது வழி சரி என்று நினைக்கிறேன், வருடம் முழுக்கச் சுவரில் தொங்குவது. நீங்கள் 12 மணிக்குள் சொன்னால் அண்ணாச்சியிடம் பேசிவிடலாம். அவருக்கு இன்னும் விஷயம் தெரியாது.

ஒரே ஒரு 'சார்'. இங்கே மரியாதையை எங்கே வைத்திருக்கிறோம் என்றால், அவருடைய நேரத்தை மிச்சப்படுத்துவதில். வீணானது எவ்வளவு, மெஷின் நின்றதா, எப்படி நடந்தது, என்ன வழி என்று அவர் கேட்கக்கூடிய நான்கு கேள்விக்கும் கேட்காமலே பதில் இருக்கிறது.

'அவருக்கு இன்னும் விஷயம் தெரியாது' என்ற கடைசி வரியைப் புதியவர்கள் எப்போதும் விட்டுவிடுவார்கள். மேனேஜருக்கு இதுதான் முக்கியம். வாடிக்கையாளர் எந்த நிமிடமும் அவருக்கே நேராகப் போன் செய்யலாம். என்ன தெரியும், என்ன தெரியாது என்று புரியாமல் அவர் பேச்சில் மாட்டிக்கொண்டால் நமக்கும் சேர்த்துத்தான் சங்கடம்.

மொழிநடை பற்றி ஒன்று. இங்கே நான் எழுத்து வழக்கில் எழுதியிருக்கிறேன். உங்கள் மேனேஜர் 'சரிப்பா, பாத்துக்கலாம்' என்று பேச்சு வழக்கில் பதில் போடுபவர் என்றால் நீங்களும் 'நிப்பாட்டியாச்சு சார், எண்ணிப் பாத்துட்டோம்' என்று எழுதலாம். அதனால் மரியாதை குறையாது. 'ங்க' விகுதி மட்டும் ஒரு இடத்திலும் விட்டுப்போகக்கூடாது. ஒரு வரியில் 'சொல்லுங்க', அடுத்த வரியில் 'சொன்னா போதும்', அதற்கடுத்து 'பார்க்கவும்' என்று தாவினால்தான் உறுத்தும்.

## 5. வாடிக்கையாளருக்கு

மேனேஜர் 11.40-க்கு 'ரெண்டாவது வழி, செலவு நம்மளோடது, நீயே பேசு' என்று பதில் போட்டார். இப்போதுதான் அண்ணாச்சிக்கு எழுத முடியும்.

எழுதுவதற்கு முன் போன். கெட்ட செய்தியை வாட்ஸ்அப்பில் முதலில் பார்க்கும் கடைக்காரர், பேசக்கூட இவனுக்கு வாய் வரவில்லை என்று நினைப்பார். இரண்டு நிமிடம் பேசிவிட்டு, பேசியதை எழுத்தில் அனுப்பினால் போதும். போனில் திட்டு வாங்கிவிடுவதால் எழுத்தில் பதற்றமும் குறைந்துவிடும். இது என் அனுபவம்.

அடுத்தது, எப்படி விளிப்பது. பத்து வருடமாக 'அண்ணாச்சி' என்று கூப்பிட்டவருக்குத் திடீரென்று 'பெருமதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு' என்று எழுதினால் அவருக்கு முதலில் தோன்றுவது, இவர்கள் ஏதோ கையைக் கழுவப் பார்க்கிறார்கள் என்பதுதான். எழுத்தில் மரியாதை என்பதற்கு அந்நியம் என்று பொருள் இல்லை. விளிப்பு அப்படியே இருக்கட்டும். வாக்கியங்களை மட்டும் முழுசாக, எழுத்து வழக்கில் எழுதுங்கள். அவர் இதை மகனிடமோ கணக்குப்பிள்ளையிடமோ காட்டுவார் என்பதால்.

> வணக்கம் அண்ணாச்சி. போனில் சொன்னதை எழுத்திலும் அனுப்புகிறேன். உங்கள் கடைக் காலண்டரில் புது நம்பருக்குப் பதிலாகப் பழைய நம்பரை அடித்துவிட்டோம். நீங்கள் நவம்பர் 27-ஆம் தேதியே புது நம்பரை அனுப்பியிருந்தீர்கள். தவறு எங்களுடையதுதான், வருந்துகிறோம்.
>
> பழைய நம்பர் உள்ள காலண்டர் ஒன்றுகூட உங்களுக்கு வராது. சரியான நம்பரோடு 1,150 காலண்டர் சனிக்கிழமை காலை கடைக்கு வந்துவிடும். மீதி 1,850 அடுத்த புதன்கிழமை காலை வரும். இதனால் உங்களுக்குக் கூடுதல் செலவு எதுவும் இல்லை.
>
> அடிக்கப்போகும் பகுதியைப் படமாக இத்துடன் அனுப்பியிருக்கிறேன். புது நம்பர் 7718 என்று முடிகிறது. பார்த்துவிட்டு இன்று மாலை 4 மணிக்குள் சரி என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். நீங்கள் சொன்ன பிறகே மெஷினை ஓட்டுவோம்.

மேனேஜருக்கு 'வெள்ளிக்கிழமை, செவ்வாய்க்கிழமை', இவருக்கு 'சனிக்கிழமை, புதன்கிழமை'. தவறு இல்லை. எங்களுக்கு வேலை முடிவது லாரியில் ஏற்றும் அன்று. அவருக்குக் காலண்டர் வருவது கடை வாசலில் இறங்கும் அன்று. ராத்திரி ஏற்றினால் மறுநாள் காலைதான் போய்ச் சேரும். உள்ளே புழங்கும் தேதியை அப்படியே வாடிக்கையாளருக்கு எழுதினால் வெள்ளிக்கிழமை மாலை கடையில் ஆள் காத்திருக்கும், போன் அடித்துக்கொண்டே இருக்கும். நான் பார்த்த சண்டைகளில் பாதி இந்த ஒரு நாளில் வந்தவை.

ஸ்டிக்கர் வழியை அவரிடம் சொல்லவே இல்லை. முடிவானதை மட்டும் சொன்னால் போதும். நாமே வேண்டாம் என்று ஒதுக்கிய வழியை விளக்கப் போனால், 'அப்ப அதையே செஞ்சு விலையக் குறைங்களேன்' என்ற பேச்சு கிளம்பும். 20,350 ரூபாயும் இதில் இல்லை. எங்களுக்கு எவ்வளவு நஷ்டம் என்று சொன்னால் அவரைப் பரிதாபப்பட வைப்பதுபோல் ஆகிவிடும். டிசைனர், மெயில்பெட்டி எதுவும் இல்லை. அண்ணாச்சிக்கு அச்சகம் என்றால் ஒரே ஆள்.

மாலை 4 மணி என்பதும் சும்மா போட்டதில்லை. அன்று ராத்திரியே 1,150-ஐ ஓட்டினால்தான் வியாழக்கிழமை காய்ந்து, தேதிக் கட்டு வைத்து, வெள்ளிக்கிழமை ஏற்ற முடியும். கெடு வைக்கும்போது மணியைச் சொல்லுங்கள். 'சீக்கிரம் சொல்லுங்கள்' என்றால் அவருடைய சீக்கிரம் ஞாயிற்றுக்கிழமையாக இருக்கலாம்.

முதல் முறை ஆர்டர் கொடுத்த ஒரு கம்பெனியின் கொள்முதல் பிரிவுக்கு மெயில் அனுப்புவதாக இருந்தால் இதில் அதிகம் மாறாது. 'அண்ணாச்சி' இடத்தில் 'ஐயா' அல்லது 'அம்மா' வரும். 'அடித்துவிட்டோம்' என்பது 'அச்சிட்டுவிட்டோம்' ஆகும். கிழமையோடு தேதியும் ஆர்டர் எண்ணும் சேரும். கடைசி வேண்டுகோள் 'உறுதிப்படுத்தித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்' என்று முடியும். தகவலின் வரிசை அப்படியே இருக்கும்.

## 6. அனுப்பும் முன் விகுதிகளைத் தடவிப் பாருங்கள்

பெரிய சொற்களை எல்லோரும் கவனிப்பார்கள். தமிழில் ஆளைக் கோபப்படுத்துவது பெரும்பாலும் வால் பகுதிதான். நான்கு இடம் மட்டும் சொல்கிறேன்.

நாம், நாங்கள். 'நாம்' கேட்பவரையும் சேர்த்துக்கொள்ளும், 'நாங்கள்' அவரை வெளியே நிறுத்தும். மேனேஜரிடம் 'நம்ம பக்கம் தப்பு' என்று சொல்லலாம், அவரும் நம் பக்கம்தான். அதே வரியை அண்ணாச்சிக்கு அனுப்பினால் தப்பில் அவருக்கும் பங்கு கொடுத்தது போல் ஆகும். மேனேஜர் மெசேஜில் இருந்து நகல் எடுத்து ஒட்டும்போது இது ஒட்டிக்கொண்டே வந்துவிடும்.

தான், ஏ. இவை விரல் நீட்டும் எழுத்துகள். 'நீங்கள்தான் மெயிலில் அனுப்பினீர்கள்' என்றால் போனில் சொல்லாமல் மெயிலில் அனுப்பியது உன் குற்றம் என்று கேட்கும். 'நவம்பர் 27-ஆம் தேதியே அனுப்பியிருந்தீர்கள்' என்றால் நீங்கள் நேரத்துக்குச் செய்தீர்கள் என்று கேட்கும். 'தவறு எங்களுடையதுதான்' என்பதில் அதே 'தான்' நம் பக்கம் திரும்பியிருக்கிறது. ஒவ்வொரு 'தான்' முன்னாலும் நின்று விரல் யார் பக்கம் என்று பாருங்கள்.

-வும். 'உறுதிசெய்யவும்', 'பதில் அனுப்பவும்'. புதியவர்கள் இதைப் பணிவு என்று நம்புகிறார்கள். 'வரிசையில் நிற்கவும்' என்று பலகையில் எழுதும் வடிவம் இது. யாரும் யாரிடமும் இப்படி வாயால் கேட்பதில்லை. தெரிந்தவருக்கு 'சொல்லுங்கள்', தெரியாதவருக்கு 'கேட்டுக்கொள்கிறோம்'. 'தயவுசெய்து' சேர்த்தாலும் '-வும்' இளகாது, இன்னும் கொஞ்சம் விறைக்கும்.

-ப்பட்டது. 'பழைய எண் அச்சிடப்பட்டுவிட்டது, வருத்தம் தெரிவிக்கப்படுகிறது.' அரசாங்க அறிவிப்பு போல இருக்கும். வருத்தப்படுகிற ஆள் யாரென்றே தெரியாது. தவறை ஒப்புக்கொள்ளும் வரியில் மட்டுமாவது 'அடித்துவிட்டோம்', 'வருந்துகிறோம்' என்று 'ஓம்' வைத்து முடியுங்கள்.

## 7. மூன்றையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்

ஒருவருக்குச் சொன்னதை இன்னொருவருக்குச் சொல்லாமல் விடலாம். ஆனால் ஒருவருக்குச் சொன்னது இன்னொருவருக்குச் சொன்னதைப் பொய்யாக்கக்கூடாது. மேனேஜருக்குச் சொன்ன 1,850 அண்ணாச்சிக்கும் 1,850 ஆகவே இருக்க வேண்டும். அன்று தம்பியின் முதல் வரைவில் அண்ணாச்சிக்கு 'கொஞ்சம் காலண்டர் மட்டும் தாமதம்' என்று இருந்தது. மூவாயிரத்தில் 1,850 கொஞ்சம் இல்லை. முதலில் சொன்ன 2,000 கணக்கை நம்பி எழுதியிருந்தால் சனிக்கிழமை 1,000 என்று சொல்லியிருப்போம். தயாராக இருந்த 150 காலண்டர் சும்மா கிடந்திருக்கும்.

இன்னொரு சோதனை: இந்த மெசேஜ் தவறான ஆளுக்கு ஃபார்வேர்டு ஆனால் என்ன ஆகும்? நண்பனுக்குப் போனது மேனேஜரிடம் போனால் பரவாயில்லை என்ற அளவுக்கு இருக்க வேண்டும். மேனேஜருக்குப் போனது வாடிக்கையாளரிடம் போனால் நஷ்டக் கணக்கு தெரியும், ஆனால் தலைகுனிவு வரக்கூடாது. அந்த மெசேஜில் வாடிக்கையாளரைப் பற்றி முனகல் எதுவும் இல்லாததற்கு இதுதான் காரணம்.

மூவரும் ஒரே வாட்ஸ்அப் குழுவில் இருந்தால் இந்த முறை செல்லாது. அங்கே எப்போதும் வாடிக்கையாளருக்கான நடையில்தான் எழுத வேண்டும். மற்ற இருவருக்குமானதைத் தனியாக அனுப்ப வேண்டும். குழுவிலேயே 'மெஷின நிப்பாட்டு' என்று தட்டிவிட்டு அழித்தால், அழித்த தடம் எல்லோருக்கும் தெரியும். அந்த வெற்று வரி கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்லி மாளாது.

அன்று மதியம் 3.10-க்கு அண்ணாச்சியிடமிருந்து பதில் வந்தது. 'நம்பர் சரி தம்பி. படத்துல பின்கோடு போன வருசமும் தப்பு, இப்பவும் தப்பு. அதையும் மாத்திருங்க.' நம்பரை மட்டும் எழுத்தில் கேட்டிருந்தால் பின்கோடு அப்படியே அச்சுக்குப் போயிருக்கும்.